இலாபம் கூடியது, விலை ஏன் விழுந்தது?

சென்ற வருடம் ஒரு நாள், சுபஹ் தொழுதுவிட்டு வந்து தேநீருக்காகக் காத்திருந்த நேரத்தில், கட்டாரிலிருந்து என் மருமகன் அழைத்தான். அங்கே அப்போது இரவு மூன்று மணி கூட ஆகியிருக்காது. அந்த நேரத்து அழைப்பென்றால் வயிறு கலங்கத்தான் செய்யும். யாருக்கும் ஒன்றுமில்லை என்று அவன் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

"மாமா, ஒரு விசயம் கேக்கணும். நான் பங்கு வாங்கின கம்பனிட லாபம் எதிர்பார்த்தத விடக் கூட வந்திரிக்கி. செய்தியிலயே அப்படித்தான் போட்டிரிக்காங்க. ஆனா விலை விழுந்துக்கிட்டே இரிக்கி. இது களவு தானே?"

வீட்டுக்கு மேல்மாடி கட்டுவதற்கென்று நான்கு வருடங்களாகச் சேர்த்த பணத்தில் பாதியை, கையடக்கத் தொலைபேசியில் உள்ள ஒரு செயலி மூலம், அமெரிக்கக் கம்பனி ஒன்றின் பங்குகளில் போட்டிருந்தான். அந்தக் கம்பனி எது என்பது இங்கே தேவையில்லை. அறிக்கை வெளிவரும் முதல் நாள் வாங்கியிருக்கிறான். இலாபம் நன்றாக வரும் என்று அவன் கணித்தது சரியாகவே இருந்தது. கணிப்புச் சரி, காசு மட்டும் போய்விட்டது. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. பெரிய கைகள் சேர்ந்து செய்த சூது என்பதைத் தவிர வேறு விளக்கம் அவனுக்குத் தோன்றவில்லை.

வர்த்தகப் பாடம் படிப்பித்தே காலத்தைக் கழித்தவன் நான். என்றாலும் தொலைபேசியில் அவனுக்கு ஒழுங்காக விளக்க முடியவில்லை. இரண்டு நாள் கழித்து, எல்லாத் தகவல்களும் பகிரங்கமாக உள்ள ஒரு பழைய சம்பவத்தை எடுத்து, மணிக்கணக்கோடு அவனுக்கு எழுதி அனுப்பினேன். அதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்துத் தருகிறேன். பேஸ்புக் கம்பனியின் பங்கு 2018 ஜூலை மாதம் ஒரே நாளில் ஏறத்தாழ 19 வீதம் விழுந்த கதை அது.

முதலில் "எதிர்பார்ப்பு" என்ற சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். அமெரிக்காவில் பட்டியலிடப்பட்ட கம்பனிகள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்குக் காட்டுகின்றன. அதற்கு முன்பே, வங்கிகளிலும் தரகு நிறுவனங்களிலும் இருக்கும் பகுப்பாய்வாளர்கள், இம்முறை இவ்வளவு விற்பனை வரும், ஒரு பங்குக்கு இவ்வளவு இலாபம் வரும் என்று ஆளுக்கொரு கணிப்பை வெளியிடுவார்கள். அவற்றின் சராசரியைத்தான் செய்திகள் "எதிர்பார்ப்பு" என்கின்றன. ஒரு பங்குக்கான இலாபம் என்பது எளிய வகுத்தல் கணக்கு. மொத்த இலாபத்தைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் அது வந்துவிடும்.

2018 ஜூலை 25, புதன்கிழமை. நியூயோர்க்கில் மாலை நான்கு மணிக்குச் சந்தை மூடியபோது பேஸ்புக் பங்கின் விலை 217.50 டொலர். அந்தக் கம்பனி அதுவரை கண்ட மூடல் விலைகளில் அதுவே உச்சம். நம் நாட்டில் அப்போது நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி. சந்தை மூடிய சில நிமிடங்களில் அறிக்கை வந்தது. மூன்று மாத இலாபம் 5.1 பில்லியன் டொலர், பங்குக்கு 1 டொலர் 74 சதம். எதிர்பார்ப்பு 1 டொலர் 72 சதம். ஆகவே எதிர்பார்ப்பை மிஞ்சிவிட்டது. முந்திய வருடத்தின் அதே காலாண்டோடு ஒப்பிட்டால் இலாபம் 31 வீதம் கூடியிருந்தது. விற்பனை 42 வீதம் கூடியிருந்தது. எந்த வியாபாரியும் இதைக் கேட்டால் அல்ஹம்துலில்லாஹ் என்றுதான் சொல்வார்.

ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு எண் இருந்தது. விற்பனை 13.23 பில்லியன் டொலர். பகுப்பாய்வாளர்கள் எதிர்பார்த்ததோ 13.36 பில்லியன். இலாபம் மிஞ்சியது, விற்பனை குறைந்தது. ஐரோப்பாவில் தினமும் பேஸ்புக்கைத் திறப்போர் தொகையும் 282 மில்லியனிலிருந்து 279 மில்லியனுக்கு இறங்கியிருந்தது. மூன்று மில்லியன் பெரிய தொகையல்ல. ஏறிக்கொண்டே இருந்த ஒன்று இறங்கியது என்பதுதான் கவனிக்கப்பட்டது. சந்தை மூடிய பின்னரும் மின்னணு முறையில் வாங்கல் விற்றல் சில மணி நேரம் நடக்கும். அந்த நேரத்தில் விலை ஏழெட்டு வீதம் சறுக்கியது.

இதோடு நின்றிருந்தால் மறுநாள் பத்திரிகையின் உள்பக்கச் செய்தியாகவே முடிந்திருக்கும். ஒரு மணி நேரத்துக்குள், ஐந்து மணிக்கு, வழக்கமான தொலைபேசி மாநாடு தொடங்கியது. கம்பனியின் தலைவர்கள் பேசுவார்கள், பகுப்பாய்வாளர்கள் கேள்வி கேட்பார்கள், யாரும் இணையத்தில் கேட்கலாம். மார்க் சக்கர்பேர்க் பேசியதற்குப் பிறகு பிரதம நிதி அதிகாரி டேவிட் வெஹ்னர் பேசினார். அவர் சொன்னவற்றில் இரண்டு விடயங்கள்தான் நமக்கு வேண்டியவை.

ஒன்று, விற்பனை வளரும் வேகம் குறையப்போகிறது. முதற் காலாண்டில் 49 வீதமாக இருந்த வளர்ச்சி இரண்டாவதில் 42 ஆகியிருந்தது. மூன்றாம் காலாண்டிலும் நான்காம் காலாண்டிலும், ஒவ்வொன்றிலும், அதற்கு முந்தியதை விட ஒற்றை இலக்கத்தின் மேற்பகுதி அளவுக்கு, அதாவது ஏழு, எட்டு, ஒன்பது என்ற அளவில், அது இன்னும் குறையும் என்றார். ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 42 இலிருந்து 34 அளவு, அங்கிருந்து 26 அளவு. நாணயமாற்று வீதம், பயனாளருக்குத் தனியுரிமையில் கூடுதல் தெரிவுகள் கொடுப்பது, விளம்பரம் இன்னும் அவ்வளவாகப் பிடிக்காத 'ஸ்டோரீஸ்' போன்ற புதிய வடிவங்களை முன்னால் கொண்டுவருவது ஆகியவற்றைக் காரணங்களாகச் சொன்னார்.

மற்றது, செலவு பற்றியது. அப்போது நூறு டொலருக்கு விற்றால் செயற்பாட்டுச் செலவெல்லாம் போக, வரிக்கு முன், 44 டொலர் மிஞ்சியது. இனி வரும் சில வருடங்களில் அது முப்பதுகளின் நடுப்பகுதியை நோக்கி இறங்கும் என்றார். பாதுகாப்புக்கும் உள்ளடக்கத்தைக் கண்காணிப்பதற்கும் ஆட்களைச் சேர்க்கவேண்டியிருந்தது, தரவு நிலையங்கள் கட்டவேண்டியிருந்தது.

அவர் பேசிக்கொண்டிருந்தபோதே விலை 20 வீதத்துக்கும் மேல் சரிந்தது. மறுநாள் சந்தை மூடியபோது 176.26 டொலர். கம்பனியின் சந்தைப் பெறுமதியில் ஏறத்தாழ 119 பில்லியன் டொலர் குறைந்திருந்தது. அமெரிக்கக் கம்பனி ஒன்றுக்கு ஒரே நாளில் ஏற்பட்ட ஆகப்பெரிய வீழ்ச்சியாக அன்றைக்கு அது இருந்தது.

இந்தச் சம்பவத்தை நான் தேர்ந்ததற்குக் காரணம் அந்த ஒரு மணி நேர இடைவெளிதான். பொதுவாக ஒரு பங்கு விழுந்த பிறகு செய்தியாளர்கள் ஏதாவதொரு காரணத்தைத் தேடி ஒட்டிவிடுவார்கள். அது சரியா பிழையா என்று சொல்வது கஷ்டம். இங்கே அப்படியல்ல. கடந்த மூன்று மாதக் கணக்கு ஒரு நேரத்தில் வந்தது, வரப்போகும் காலம் பற்றிய பேச்சு இன்னொரு நேரத்தில் வந்தது. விலை எதற்கு எவ்வளவு அசைந்தது என்பது கடிகாரத்திலேயே தெரிகிறது. பெரிய அடி விழுந்தது இரண்டாவதற்குத்தான்.

சரி, வளர்ச்சி கொஞ்சம் குறையும் என்றதற்கா ஐந்தில் ஒரு பங்கு பெறுமதி போகவேண்டும்? மருமகனும் இதைத்தான் கேட்டான். பதில் பங்கு வாங்குபவர் எதற்குக் காசு கொடுக்கிறார் என்பதில் இருக்கிறது. புத்தளம் பக்கம் ஒரு தென்னந்தோட்டம் வாங்கப் போகிறோம் என்று வையுங்கள். போன பறிப்பில் எத்தனை காய் விழுந்தது என்பதை மட்டும் பார்த்து யாரும் விலை பேசமாட்டார். அந்தக் காய் விற்ற காசு ஏற்கெனவே சொந்தக்காரரின் பைக்குள் போய்விட்டது. வாங்குபவருக்கு வேண்டியது இனி வரும் இருபது, முப்பது வருடப் பறிப்பு. இந்த முறை எதிர்பார்த்ததை விட இருநூறு காய் கூட விழுந்தது என்று சொந்தக்காரர் சொல்கிறார். அதே மூச்சில் பக்கத்து வளவில் இலை வாடல் நோய் கண்டிருக்கிறது என்றும் சொல்கிறார். நாம் இருநூறு காயைப் பற்றியா யோசிப்போம்?

இதைப் பேஸ்புக்கின் எண்களில் வைத்துப் பார்க்கலாம். அறிக்கை வந்தபோது, கடைசி நான்கு காலாண்டுகளில் ஒரு பங்குக்குக் கிடைத்திருந்த இலாபம் ஏறத்தாழ ஆறரை டொலர். விலையோ 217.50. அதாவது ஒரு வருட இலாபத்தைப் போல ஏறத்தாழ 34 மடங்கு கொடுத்து மக்கள் வாங்கிக்கொண்டிருந்தார்கள். இலாபம் இதே அளவில் நின்றுவிட்டால் போட்ட காசு திரும்ப 34 வருடம். அவ்வளவு காலம் காத்திருக்க யாரும் வாங்கவில்லை. இலாபம் வேகமாகப் பெருகும் என்று நம்பித்தான் அந்த விலையைக் கொடுத்தார்கள்.

இப்போது அந்த இரண்டு சதத்தின் கணக்கைப் போடுவோம். எதிர்பார்ப்பை விட ஒரு காலாண்டில் இரண்டு சதம் கூட. நான்கு காலாண்டிலும் அப்படியே கூடுகிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் வருடத்துக்கு எட்டுச் சதம். அதை 34 ஆல் பெருக்கினால் 2 டொலர் 72 சதம். எதிர்பார்ப்பை மிஞ்சியதன் முழுப் பெறுமதியும் அவ்வளவுதான். செய்தித் தலைப்பில் அது எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும் 217 டொலர் விலையில் அது கையிலுள்ள சில்லறை.

மறுபக்கம், நிதி அதிகாரி சொன்னதன் பெறுமதியைப் பார்க்க ஒரு சின்னக் கணக்கு. இது பேஸ்புக்கின் கணக்கு அல்ல, விடயம் விளங்குவதற்காக நான் போடுவது. ஒரு கம்பனி இன்று நூறு ரூபாவுக்கு விற்கிறது, அதில் 44 ரூபா மிஞ்சுகிறது. விற்பனை வருடத்துக்கு 30 வீதம் வளரும், மிஞ்சும் அளவு மாறாது என்று நினைக்கிறோம். மூன்று வருடத்தில் விற்பனை ஏறத்தாழ 220 ரூபா, மிஞ்சுவது 97 ரூபா. இப்போது வளர்ச்சி 20 வீதம்தான், மிஞ்சுவதும் நூற்றுக்கு 35 ஆகிவிடும் என்று தெரியவருகிறது. மூன்று வருடத்தில் விற்பனை ஏறத்தாழ 173, மிஞ்சுவது 60 ரூபா. 97 ரூபா எதிர்பார்த்த இடத்தில் 60. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விட்டது. கவனியுங்கள், இன்றைய இலாபம் இரண்டு கணக்கிலும் ஒரே 44 தான். இன்றைய அறிக்கையில் ஒரு சதம் கூடக் குறையவில்லை.

இப்படிப் பார்த்தால் 19 வீதம் அதிகம் என்று தோன்றாது. மறுநாள் விலையான 176.26 ஐ அதே ஆறரை டொலர் இலாபத்தோடு வைத்துப் பாருங்கள், 27 மடங்கு வருகிறது. 34 மடங்கு 27 ஆனது. இலாபம் அப்படியே இருக்க, அந்த இலாபத்துக்கு மக்கள் கொடுக்கச் சம்மதித்த மடங்குதான் சுருங்கியது.

விலை எங்கிருந்து அந்த உச்சத்துக்கு வந்தது என்பதையும் பார்க்கவேண்டும். 2018 மார்ச் மாதம் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் வெடித்தபோது பேஸ்புக் பங்கு 150 டொலரை ஒட்டி இறங்கியிருந்தது. அங்கிருந்து நான்கு மாதத்தில் 217 க்கு ஏறியது. அந்த ஏற்றம் என்ன? நல்ல அறிக்கை வரும் என்ற நம்பிக்கைக்கு மக்கள் முன்கூட்டியே கொடுத்த காசு. ஜூலை 25 ஆம் திகதி நல்ல செய்தியை எதிர்பார்த்து வாங்கியவர், அந்தச் செய்திக்கான விலையையும் சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறார். செய்தி வந்தபோது அவருக்குப் புதிதாகக் கிடைக்க ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

இங்கே மருமகன் ஒரு கேள்வி கேட்டான். அது நல்ல கேள்வி. "119 பில்லியன் போச்சு எண்டா, அது யாரோ ஒருத்தர்ர கைக்குப் போயிருக்கணுமே மாமா?" இல்லை. சந்தைப் பெறுமதி என்பது ஒரு பெட்டிக்குள் இருக்கும் காசு அல்ல. கடைசியாகக் கைமாறிய ஒரு பங்கின் விலையை எல்லாப் பங்குகளின் எண்ணிக்கையாலும் பெருக்கிப் பெறும் தொகை. பேஸ்புக்குக்கு 2.9 பில்லியன் அளவு பங்குகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் 41 டொலர் குறைய, பெருக்கல் கணக்கில் 119 பில்லியன் குறைந்தது. எங்கள் வீதியில் ஒருவர் அவசரத்துக்குத் தன் வளவைப் பேர்ச் ஒன்று ஒரு இலட்சம் குறைத்து விற்றால், அந்த வீதியிலுள்ள எல்லா வளவின் மதிப்பும் கணக்கில் குறைந்துவிடும். யாரும் எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. விலை விழுவதற்கு எல்லோரும் விற்கவும் தேவையில்லை. பழைய விலையில் வாங்குவதற்கு ஆளில்லாமல் போனால் போதும்.

இனி, எதிர்பார்ப்பு என்று பத்திரிகையில் வரும் அந்த எண் உண்மையில் எவ்வளவு நம்பத்தக்கது என்பது. அமெரிக்காவின் 500 பெரிய கம்பனிகளைக் கொண்ட எஸ் அண்ட் பி பட்டியலில், சாதாரணமாக ஒரு காலாண்டில் நான்கில் மூன்று பங்குக் கம்பனிகள் இலாப எதிர்பார்ப்பை மிஞ்சுகின்றன. ஒரு வகுப்பில் முக்கால்வாசிப் பிள்ளைகள் எப்போதும் எதிர்பார்த்ததை விடக் கூடப் புள்ளி எடுத்தால், எதிர்பார்ப்பு தாழ்வாக வைக்கப்பட்டிருக்கிறது என்றுதானே பொருள். கம்பனிகள் முன்கூட்டியே அடக்கமாக எதிர்வுகூறுகின்றன, பகுப்பாய்வாளர்களும் அறிக்கை நெருங்க நெருங்கத் தம் எண்ணைக் குறைத்துக்கொள்கிறார்கள். பெரிய முதலீட்டாளர்களுக்கு இது தெரியும். அவர்கள் மனதில் வேறொரு எண் இருக்கும், எழுதப்பட்டதை விட உயர்ந்த ஒன்று. போட்டி அந்த எண்ணோடுதான்.

2024 ஒகஸ்ட்டில் என்விடியாவுக்கு நடந்தது இதற்கு நல்ல உதாரணம். விற்பனை 28.7 பில்லியன் டொலர் எதிர்பார்க்கப்பட்டது, 30 பில்லியன் வந்தது. இலாபமும் மிஞ்சியது. அடுத்த காலாண்டுக்குக் கம்பனி சொன்ன 32.5 பில்லியன் கூட எழுதப்பட்ட எதிர்பார்ப்பை விட அதிகம். பேஸ்புக்கைப் போல எதிர்காலத்தைப் பற்றிக் கெட்ட செய்தி ஒன்றும் சொல்லவில்லை. இருந்தும் மறுநாள் பங்கு 6 வீதத்துக்கும் மேல் விழுந்தது. அதற்கு முந்திய காலாண்டுகளில் அது மிஞ்சிய அளவு இன்னும் பெரிது. வருட வளர்ச்சி 262 வீதத்திலிருந்து 122 வீதத்துக்கு வந்திருந்தது. 122 வீதமும் அபாரம்தான், ஆனால் விலை அதைவிட அபாரமான ஒன்றுக்காகக் கொடுக்கப்பட்டிருந்தது. இந்த மனக்கணக்கு எண் எங்கும் அச்சில் வராது. நம்மைப் போன்றவர்கள் அதை ஊகிக்கத்தான் முடியும். அறிக்கைக்கு முந்திய மூன்று நான்கு மாதங்களில் விலை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பது ஓரளவுக்கு உதவும்.

சந்தை சொன்னது சரியாகத்தான் இருந்ததா என்ற கேள்வியும் உண்டு. பேஸ்புக் விடயத்தில் பாதி சரி, பாதி பயம் என்று நினைக்கிறேன். வளர்ச்சி மூன்றாம் காலாண்டில் 33 வீதத்துக்கு இறங்கியது, எச்சரித்தபடியே. நான்காவதில் 30 வீதம், எச்சரித்ததை விட நல்லது. நூற்றுக்கு மிஞ்சும் அளவு 2019 இல் 34 ஆனது. அந்த வருடம் அமெரிக்க அரசுக்குக் கட்டவேண்டி வந்த ஐந்து பில்லியன் டொலர் தண்டமும் அதில் சேர்ந்திருக்கிறது. பங்கு விலை 2018 டிசம்பரில் 125 டொலரை ஒட்டி இறங்கியது. 217 ஐ மீண்டும் தொட 2020 ஜனவரி வரை, ஏறத்தாழ ஒன்றரை வருடம் எடுத்தது. பொறுத்திருந்தவருக்கு முதல் திரும்பியது. ஆனால் ஒன்றரை வருடம் பொறுக்கக்கூடிய காசா, மாடி கட்டுவதற்கு வைத்த காசா என்பது வேறு விடயம்.

இதையெல்லாம் எழுதி அனுப்பிய பிறகு, அவனுடைய கம்பனியின் அறிக்கையைத் தேடி எடுக்கச் சொன்னேன். கம்பனியின் இணையத்தளத்தில், முதலீட்டாளருக்கான பக்கத்தில், யாரும் இலவசமாக வாசிக்கலாம். அடுத்த காலாண்டுக்கான எதிர்வுகூறல் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார், அதைச் சென்ற முறை சொன்னதோடு ஒப்பிடு என்றேன். விற்பனை எதிர்பார்ப்பை எட்டியதா, விலை மூன்று மாதத்துக்கு முன் எங்கே இருந்தது என்றும் பார்க்கச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு அழைத்தான்.

"மாமா, மூணாவது பக்கத்துல இரிக்கி. அடுத்த காலாண்டு விற்பன இந்தக் காலாண்ட விடக் குறையும் எண்டு அவங்களே எழுதியிரிக்காங்க. நான் முதல் பக்கத்தோட நிறுத்திட்டன்."

"விலை?"

"நான் வாங்கக்குள்ள மூணு மாசத்துல 30 வீதம் ஏறியிரிக்கி. ஏறுதே எண்டுதான் வாங்கின."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு, விற்கவா வைத்திருக்கவா என்று கேட்டான். எனக்கு அது தெரியாது என்றேன். மாடி வேலையை எப்போது தொடங்கவேண்டும் என்று திருப்பிக் கேட்டேன். மாசி மாதம் மேசன் வருவதாகச் சொல்லியிருக்கிறார், உம்மாவிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டான்.